மங்காவின் ஓசைச் சொற்கள்: அழித்து வரைவதா, அருகில் எழுதுவதா, அப்படியே விடுவதா?

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது பேச்சுக் குமிழிகள் பெரிய தொல்லை தருவதில்லை. குமிழிக்குள் இருப்பது பெரும்பாலும் அச்செழுத்து. அதை எடுத்துவிட்டு அதே வெள்ளை இடத்தில் தமிழ் வசனத்தை வைத்துவிடலாம். தொல்லை குமிழிக்கு வெளியே இருக்கிறது. இடி விழும் இடத்தில், கதவு அறையும் இடத்தில், ஒருவன் திடுக்கிட்டு நிற்கும் இடத்தில் பெரிது பெரிதாக எழுத்துகள் நிற்கும். அவை அச்செழுத்து அல்ல, ஓவியர் படத்தோடு படமாகப் பேனாவாலோ தூரிகையாலோ வரைந்தவை. ஜப்பானியர்கள் இவற்றைக் ககிமோஜி என்கிறார்கள். வரைந்த எழுத்து என்று பொருள்.

இவற்றை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். பாதி புத்தகம் முடிந்த பிறகு முடிவை மாற்றினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய நேரும். நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டு நம் எழுத்தை வரையலாம். அதை அப்படியே விட்டு அருகில் சின்னதாகப் பொருள் எழுதலாம். அப்படியே விட்டுப் புத்தகத்தின் கடைசியில் பட்டியல் தரலாம். எதுவுமே செய்யாமல் விடலாம். நான்கையும் பதிப்பகங்கள் செய்து பார்த்திருக்கின்றன. எதை எங்கே எடுக்கலாம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த எழுத்துகள் பக்கத்தில் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

வரைந்த ஓசைக்கு அளவுதான் சத்தம். விரல் நக அளவில் இருந்தால் கடிகார முள், பக்கத்தின் பாதியை அடைத்தால் வெடிப்பு. கோட்டின் ஓரம் அந்தச் சத்தத்தின் தன்மையைச் சொல்லும். முறிந்து கூரான ஓரம் என்றால் கண்ணாடி உடைகிறது, நடுங்கும் மெல்லிய கோடு என்றால் யாரோ மூச்சு வாங்குகிறார்கள். எழுத்துகள் சாயும் திசையில் கார் போகும். ஒரு ஆளின் தோளுக்குப் பின்னால் பாதி எழுத்து மறைந்திருந்தால் சத்தம் அவருக்குப் பின்னால் இருந்து வருகிறது. இதையெல்லாம் ஜப்பானிய எழுத்து தெரியாதவரும் உணர்ந்துகொள்வார்.

தெரிந்தவர்களுக்கு மட்டும் எட்டும் விஷயங்களும் உண்டு. ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான கட்டகானாவில் ஒலியை நீட்ட ஒரு கோடு போதும். மேலிருந்து கீழாக எழுதும்போது அந்தக் கோடு செங்குத்தாக நிற்கும், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். விமானம் தலைக்கு மேல் போகும் கட்டத்தில் அந்த ஒற்றைக் கோடு கட்டத்தின் விளிம்பு வரை ஓடும். சொல்லின் முடிவில் சின்னதாக ஒரு 'ட்சு' எழுத்து போட்டால் ஒலி வெடுக்கென்று அறுந்துவிட்டது என்று பொருள். எழுத்தின் தோளில் இரண்டு சிறு கீற்றுகள் போட்டால் ஒலி கனத்துவிடும். 'டொன் டொன்' என்பதை மெல்லிய வல்லின 'ட'வோடு சொன்னால் கதவை நாகரிகமாகத் தட்டுவது. கீற்றுகள் போட்டு அதே 'ட'வை அதிர்வோடு சொன்னால் கதவை உடைத்துவிடுவது போல அறைவது. வேறு எழுத்தே தேவையில்லை, கீற்றுகளே போதும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் சத்தமே கிடையாது. நெஞ்சு அடித்துக்கொள்வது 'தோக்கி தோக்கி', வைத்த கண் வாங்காமல் பார்ப்பது 'ஜீ', யாருமே பேசாமல் ஒரு அறை உறைந்து நிற்பது 'ஷீன்'. 'ஜோஜோ' தொடரில் இருவர் சும்மா எதிரெதிரே நிற்கும்போது சுற்றிலும் 'கோ கோ கோ' என்று எழுத்துகள் மிதக்கும். அங்கே எதுவும் உறுமவில்லை. ஏதோ விபரீதம் நடக்கப் போகிறது என்ற அழுத்தம்தான் அந்த எழுத்து. 'கைஜி'யில் சூதாட்ட மேசையைச் சுற்றி 'ஸவா ஸவா' என்று சிதறிக் கிடக்கும். அது கூட்டத்தின் முணுமுணுப்பும் விளையாடுகிறவனின் வயிற்றுக் கலக்கமும் சேர்ந்தது.

ஆக ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை: பார்க்கப்படுவது, படிக்கப்படுவது. நான்கு வழிகளில் ஒவ்வொன்றும் ஒரு வேலையைக் காப்பாற்ற இன்னொன்றில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது.

இதற்கு நல்ல சான்று கட்சுஹிரோ ஒடோமோவின் 'அகிரா'. ஜப்பானில் 1982-ல் தொடங்கிய தொடர். அமெரிக்காவில் மார்வெலின் எபிக் பிரிவு 1988 முதல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி, இடமிருந்து வலமாகப் படிப்பதற்காகப் பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பினார்கள், வண்ணமும் சேர்த்தார்கள். பக்கத்தைத் திருப்பினால் ஜப்பானிய எழுத்தும் இடம் வலமாக மாறிவிடும். அதை விட்டுவைக்க வழியில்லை. எனவே ஓசைகளையெல்லாம் அழித்து ஆங்கிலத்தில் வரைந்தார்கள். அதே புத்தகம் 2017-ல் கோடன்ஷா பதிப்பகத்தின் 35-ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. வலமிருந்து இடம், கறுப்பு வெள்ளை, ஒடோமோ வரைந்த ஓசை எழுத்துகள் அப்படியே. அவற்றின் பொருள் புத்தகத்தின் கடைசியில்.

இடையில் என்ன நடந்தது? அமெரிக்காவின் டோக்கியோபாப் நிறுவனம் 2002-ல் பக்கங்களைத் திருப்பாமல் வலமிருந்து இடமாகவே வெளியிட ஆரம்பித்தது. திருப்பவில்லை என்றால் ஓசையை அழிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பல தொடர்களில் அவர்கள் ஓசைகளைத் தொடாமலே விட்டார்கள். 'அசல்' என்று விளம்பரம் செய்யவும் முடிந்தது, செலவும் குறைந்தது, புத்தகமும் சீக்கிரம் வெளிவந்தது. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்று இன்று சொல்லப்படும் வழி பிறந்ததில் தயாரிப்புச் செலவுக்கும் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்வதால் அந்த வழியே தவறு என்று ஆகிவிடாது. ஆனால் அதைக் கலைக் கொள்கையாக மட்டும் பார்த்தால் முடிவு தவறிப்போகும்.

அழித்து வரைவதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் குறைத்தே எண்ணுகிறார்கள். எழுத்தை அழித்தால் அதன் அடியில் ஒன்றும் இருக்காது, வெறும் ஓட்டைதான். அந்த ஓட்டைக்குள் சுவரின் செங்கல்லும், சட்டையின் மடிப்பும், வேகக் கோடுகளும் எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்து வரைய வேண்டும். பின்னணி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது சாம்பல் அல்ல, டோன் எனப்படும் நுண்புள்ளிகள். ஒட்டு வேலை செய்த இடத்தில் புள்ளிகளின் நெருக்கமோ சாய்வோ இம்மி பிசகினாலும் அச்சில் அலை அலையாக ஒரு கறை தெரியும். மறைத்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் பக்கத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள், அலை உடனே காட்டிக்கொடுக்கும். இதற்குப் பிறகுதான் புது எழுத்தையே வரைய முடியும். அதையும் கணினி எழுத்துருவில் தட்டி வைத்தால் போதாது. ஓவியரின் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறதோ அங்கே நம் கோடும் தடித்து மெலிய வேண்டும். இல்லாவிட்டால் தூரிகை ஓவியத்தின் மேல் கடைப் பலகையை மாட்டியது போல இருக்கும். லெட்டரிங் செய்பவருக்குக் கூலி பெரும்பாலும் பக்கக் கணக்கில்தான். இரண்டு குமிழி உள்ள பக்கத்துக்கும் இருபது ஓசை உள்ள சண்டைப் பக்கத்துக்கும் ஒரே தொகை என்றால் எது அவசரமாகச் செய்யப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நன்றாகச் செய்துவிட்டால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. வாசகர் எங்கும் தடுமாறுவதில்லை. ஜப்பானிய வாசகர் பக்கத்தில் எந்த வேகத்தில் போனாரோ அதே வேகத்தில் போவார். மங்காக்களை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் நிறுவனத்தின் சண்டைத் தொடர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

அருகில் எழுதுவதில் படம் பிழைத்துக்கொள்கிறது. மூல எழுத்து அதே இடத்தில் நிற்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டமார்' என்று இருக்கும். கண் முதலில் பெரிய வடிவத்தைப் பார்த்துச் சத்தத்தை உணரும், அப்புறம் சின்ன எழுத்தைப் படித்துப் பொருளைத் தெரிந்துகொள்ளும். இதில் நஷ்டம் அந்த 'அப்புறம்'தான். பக்கத்துக்கு ஒன்றிரண்டு என்றால் வாசகர் பொறுத்துக்கொள்வார். பத்து என்றால் கண் குத்தூசி போலக் குதித்துக்கொண்டே இருக்கும். யென் பிரஸ் என்ற பதிப்பகம் இன்னும் ஒரு படி போய், ஜப்பானிய ஒலியையும் ஆங்கில எழுத்தில் தந்து அடைப்புக்குள் பொருளையும் தருகிறது. மொழி கற்பவர்களுக்கு அது பெரிய உதவி. கதை படிப்பவருக்கு ஒரே ஓசை மூன்று முறை வந்துவிடுகிறது. தமிழில் இதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். 'தோக்கி' என்று தமிழில் எழுதிவைத்தால் அதில் நெஞ்சும் அடிக்காது, ஜப்பானியமும் வராது.

கடைசியில் பட்டியல் தருவது பதிப்பாளருக்குச் சுலபம். பக்க எண், கட்ட எண், பொருள் என்று வரிசையாகப் போட்டுவிடலாம். விஸ் வெளியிட்ட 'நௌசிகா'வில் அப்படி ஒரு பட்டியல் உண்டு. படித்து முடித்த பிறகு ஆராய்ந்து பார்ப்பதற்கு அது அருமையான பொருள். படிக்கும்போது யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

அப்படியானால் 'அகிரா'வுக்கு அந்த வழி ஏன் பொருந்துகிறது? அங்கே ஓசைகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள், துப்பாக்கி, இடிந்து விழும் கட்டடம். சுவர் சரிவதை இவ்வளவு துல்லியமாக வரைந்த பிறகு அதன் சத்தத்தைப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. படமே சொல்லிவிடுகிறது. இதுதான் எனக்கு முக்கியமான அளவுகோல்: இந்தச் சொல்லை மூடிவிட்டால் படம் அதே செய்தியைச் சொல்கிறதா? சொன்னால் மூல எழுத்தை விட்டுவைக்கலாம். சொல்லாவிட்டால் அந்தச் சொல் கதையின் ஒரு வரி, அதை மொழிபெயர்க்காமல் விட்டால் வசனத்தை விழுங்கியதற்குச் சமம்.

ஒரு பக்கத்தை எடுத்துச் செய்து பார்த்தால் தெளிவாகும். பள்ளிக் காதல் கதைகளில் அடிக்கடி வரும் ரயில்வே கேட் காட்சி ஒன்றை அமைத்துக்கொள்வோம். நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் வெறும் தெரு, மின்கம்பங்கள், வானம். மேலே சின்னதாகச் சாய்ந்து 'கன் கன் கன்'. இரண்டாவதில் ஒரு பையனும் பெண்ணும் கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், தூரத்தில் 'கதன் கொதொன்'. மூன்றாவதில் ரயில் கடக்கிறது. 'கோ' என்ற ஒற்றை எழுத்தும் அதன் நீண்ட கோடும் கட்டத்தை இடமிருந்து வலமாக அறுத்துக்கொண்டு போகின்றன, பெண்ணின் பேச்சுக் குமிழி மேலேயே ஏறிப் போகின்றன. அவள் சொன்னதில் முதல் இரண்டு எழுத்துகளும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிகின்றன. நான்காவதில் ரயில் போய்விட்டது, இருவரும் பேசாமல் நிற்கிறார்கள். 'ஷீன்'.

முதல் கட்டத்தில் கேட்டே வரையப்படவில்லை. 'கன் கன் கன்' என்றால் கேட் மணி என்பது ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அதைப் படிக்க முடியாத நமக்கு அது வெறும் தெரு. அளவுகோலின்படி இதை மொழிபெயர்த்தே ஆக வேண்டும். எழுத்துகள் வெற்று வானத்தில் இருப்பதால் அழிப்பதும் சுலபம், அடியில் வரைய எதுவும் இல்லை. 'ணங் ணங் ணங்' என்று வரைந்துவிடலாம்.

இரண்டாவது கட்டத்தில் வருவது ரயில் ஓடும் ஓசை. தண்டவாளம் கட்டத்திலேயே தெரிகிறது. விட்டாலும் நஷ்டம் குறைவு. ஆனால் நமக்கு 'தடக் தடக்' கைவசம் இருக்கிறது, ஓசையும் சின்னது. அருகில் எழுதினால் போதும்.

மூன்றாவதுதான் சோதனை. இங்கே எழுத்து உண்மையாகவே சத்தம் போடுகிறது, ஏனென்றால் அது பேச்சை மறைக்கிறது. இதை அழித்து 'தடதட' என்று வரைந்தால் நான்கு எழுத்து அகலத்துக்கு அது பரவி, ஒரே வீச்சில் கடந்துபோகும் அந்தக் கோடு துண்டு துண்டாகிவிடும். நான் மூலத்தை விட்டுவைப்பேன், ரயிலின் படம் பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. குமிழிக்குள் தமிழ் வசனத்தை வைக்கும்போது ஜப்பானியத்தில் தெரிந்த அளவுக்கே தமிழிலும் தெரிய வேண்டும். முழு வசனத்தையும் எழுதி அதன் மேல் மூல எழுத்தை ஏற்ற வேண்டும். இதற்கு அந்த ஒற்றை ஓசையை வெட்டி எடுத்துத் தனி அடுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியப் பதிப்பாளரிடமிருந்து வரும் கோப்பில் அந்த அடுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கையால்தான் வெட்ட வேண்டும். சிலர் சுலபத்துக்காகக் குமிழியில் எஞ்சிய இடத்துக்குள் முழு வசனத்தையும் சின்னதாக்கித் திணித்துவிடுகிறார்கள். ரயில் மறைத்ததால் பையனுக்குக் கேட்காமல் போன காதல் வாசகருக்குப் பளிச்சென்று கேட்டுவிடும். அடுத்த ஐந்து அத்தியாயக் குழப்பத்துக்கும் அங்கேயே காரணம் போய்விடும்.

நான்காவது கட்டத்தின் 'ஷீன்' எந்த மொழிபெயர்ப்பாளரையும் திணறடிக்கும். சத்தம் இல்லை என்பதற்கு ஒரு சத்தம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அமைதி' என்ற பெயர்ச்சொல்லைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். தமிழில் 'கப்சிப்' நகைச்சுவைக் காட்சிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. 'கம்' என்று போட்டால் பாதிப் பேருக்கு மல்லிகை மணக்கும். மூல எழுத்தை மெலிதாக அப்படியே விட்டு, கீழே இன்னும் மெலிதாக 'நிசப்தம்' என்று எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. பெயர்ச்சொல் ஓசை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் மூல வடிவம் பக்கத்திலேயே இருப்பதால் அது தலைப்பு போல நின்றுவிடுகிறது, கத்துவதில்லை.

ஆக ஒரே பக்கத்தில் மூன்று வழிகள் வந்துவிட்டன. புத்தகம் முழுக்க ஒரே வழி என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் விதி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கதவு பத்தாம் பக்கத்தில் தமிழிலும் முப்பதாம் பக்கத்தில் ஜப்பானியத்திலும் அறையும். படத்தோடு பின்னிக் கிடக்கும் பெரிய ஓசைகள் அப்படியே நிற்கும், அருகில் சின்ன எழுத்து வரும். வெற்று இடத்தில் நிற்கும் சின்ன ஓசைகளை அழித்துத் தமிழில் வரைவோம். இந்த ஒரு வரி போதும். கூடவே ஓசைப் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒருமுறை தேர்ந்தெடுத்த சொல்லை அதே ஓசைக்கு மாற்றாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலைப் போடும்போதுதான் தமிழின் பலமும் பலவீனமும் தெரியவரும். பலவீனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கீற்றுகளால் ஜப்பானியம் செய்யும் வேலையை நம் எழுத்தால் செய்ய முடியாது. மெலிந்த 'ட'வுக்கும் கனத்த 'ட'வுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. எனவே ஒலியைப் பெயர்க்காமல் சொல்லையே மாற்ற வேண்டும். மெல்லத் தட்டினால் 'டொக் டொக்', அறைந்தால் 'தடதட'. இன்னொன்று வடிவம். கட்டகானா எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவு சதுரத்துக்குள் அடங்கும், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் தூண் போல நிற்கும். நம் 'கொ'வுக்கு இரண்டு பக்கமும் துணை எழுத்து, 'ளா' ஒரு முழ அகலம். ஒடுங்கிய உயரமான இடத்தில் 'த, ட, க்' அடுக்கலாம், 'தொபுக்கடீர்' அடுக்க முடியாது. அந்த மாதிரி இடங்களில் எழுத்துக் குறைவான சொல்லைத் தேடுவது மேல். எழுத்தைச் சுருக்கித் திணித்தால் வெடிச்சத்தம் இருமல் ஆகிவிடும்.

பலம் சத்தமில்லாத ஓசைகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சொல் அதிகம் இல்லாததால் 'முறை', 'நடுங்கு' என்று வினைச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். படத்தில் தெரிவதையே இன்னொரு முறை சொல்வது போல அது இருக்கும். தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. நம் இரட்டைக்கிளவிகளில் பல காதால் கேட்க முடியாதவை. பயத்தில் உடம்பு வெடவெடக்கும், மாட்டிக்கொண்டவன் திருதிருவென்று விழிப்பான், துணி பளபளக்கும், சந்தேகக்காரன் குறுகுறுவென்று பார்ப்பான். நெஞ்சுக்குத் 'திக் திக்', கெட்ட செய்திக்குப் 'பகீர்', ஈரக்கை பட்டால் 'சிலீர்'. 'கைஜி'யின் 'ஸவா ஸவா'வுக்குச் 'சலசல' இருக்கிறது. இலை அசைவதும் கூட்டம் கலங்குவதும் நமக்கு ஒரே சொல்தான். இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்று தொல்காப்பியம் சொல்வதையும் லெட்டரிங் செய்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'ஸவா'வை ஓவியர் ஒற்றையாக ஒரு மூலையில் போட்டிருந்தாலும் நாம் 'சல' என்று மட்டும் போட முடியாது. அந்த இடத்தில் இரண்டு பங்கு அகலம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் சத்தமில்லாத ஓசைகளைத் தமிழில் எப்போதும் மொழிபெயர்க்க வேண்டும் என்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சின்ன எழுத்தில் முகத்துக்குப் பக்கத்தில் நிற்பவை, அழித்து வரைய அதிக நேரம் ஆகாது. நிதியோ நேரமோ குறைவு என்றால் வெடிப்புகளை விட்டுவிட்டு இவற்றுக்குச் செலவிடுங்கள்.

முடித்த பிறகு பக்கத்தைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஜப்பானியம் தெரியாத, கதையும் தெரியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். 'இந்தச் சத்தம் என்ன' என்று கேட்கக் கூடாது, அப்படிக் கேட்டால் எழுத்தைத் தேடிப் படித்துவிடுவார். முதல் கட்டத்தில் 'சும்மா தெரு' என்று சொன்னால் மணி ஒலிக்கவில்லை, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். மூன்றாவதில் அந்தப் பெண் சொன்னதை அவர் வரி மாறாமல் ஒப்பித்தால் ரயிலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் குமிழியை மூட வேண்டும்.